ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன்பே நின்றுபோன கரு

“எனக்கு 29 வயது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இதுதான் முதல் கர்ப்பம். கடைசி பீரியட்ஸ் ஆரம்பித்தது ஜனவரி 5. எனக்கு 28 நாள் கணக்கு தவறவே தவறாது. பிப்ரவரி 8 அன்று வீட்டில் டெஸ்ட் பண்ணினேன், இரண்டு கோடு வந்தது. மார்ச் 4 அன்று ஒரு கல்யாணத்துக்காக வீட்டுக்காரருடன் ஸ்கூட்டரில் பழனி வரை போய் வந்தேன். மறுநாள் ராத்திரி பழுப்பாகக் கசிய ஆரம்பித்தது. 6-ஆம் தேதி எடுத்த ஸ்கேனில், கரு 8 மி.மீ. இருக்கிறது, ஹார்ட் பீட் இல்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அதே 8 மி.மீ. மாத்திரை வைத்து, அப்புறம் சுத்தம் செய்தார்கள். வண்டியில் போனதால்தான் கலைந்தது என்கிறார் அத்தை. பப்பாளி சாப்பிட்டதையும் சொல்லிக் காட்டுகிறார். கடைசி நாள் வரை எனக்கு மசக்கை இருந்ததே, அப்படியென்றால் குழந்தை நன்றாகத்தானே இருந்திருக்கும்? டார்ச் டெஸ்ட்டில் வேறு இரண்டு பாசிட்டிவ். சொந்தத்தில் கட்டியதாலா? அடுத்ததும் இப்படித்தான் ஆகுமா?”

– வாசகி, தாராபுரம்

தேதிகளை இவ்வளவு சரியாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அவற்றிலேயே இருக்கிறது. ஒரு காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5 முதல் மார்ச் 6 வரை 60 நாள். அதாவது 8 வாரம் 4 நாள். அந்தக் கணக்கில் கரு தலையிலிருந்து பிட்டம் வரை சுமார் 20 மி.மீ. நீளம் இருக்க வேண்டும், இதயம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஸ்கேனில் இருந்தது 8 மி.மீ. அது ஆறரை வாரத்துக்கும் ஏழு வாரத்துக்கும் இடைப்பட்ட கருவின் அளவு. இந்தக் கட்டத்தில் கரு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. வளரும். அப்படியே பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் பிப்ரவரி 21 வாக்கில் போய் நிற்கும். முன்பின் நாலைந்து நாள் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பிப்ரவரி மாதத்துக்குள்ளேயே வளர்ச்சி நின்றுவிட்டது. நீங்கள் பழனிக்குப் போனது மார்ச் 4. வண்டியில் ஏறி உட்காரும்போதே கரு நின்று ஏறக்குறைய ஒரு வாரமாவது ஆகியிருந்தது. பத்து நாள்கூட ஆகியிருக்கலாம்.

“கரு முட்டை லேட்டாக வந்திருக்கலாமே, கரு சின்னதாக இருந்ததே தவிர நின்றுபோகவில்லையோ” என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். நாங்களும் முதலில் அதைத்தான் யோசிப்போம். பீரியட்ஸ் தேதியை மட்டும் நம்பி எந்த டாக்டரும் “கரு போய்விட்டது” என்று சொல்லக் கூடாது. அதனால்தான் உள் ஸ்கேனுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, இதயத்துடிப்பு இல்லையென்றால்தான் கரு நின்றுவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். 7-க்குக் கீழே இருந்தால் துடிப்பு இன்னும் தெரியாமல் இருக்கலாம், காத்திருக்க வேண்டும். உங்களுக்கு 8 மி.மீ. இருந்தும் அவர்கள் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள கருவாக இருந்தால் அந்த ஏழு நாளில் 15 மி.மீ. ஆகியிருக்கும். அசையவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இதற்கு நீங்களே ஒரு சாட்சியும் வைத்திருக்கிறீர்கள், பிப்ரவரி 8 அன்று வந்த அந்த இரண்டு கோடு. மார்ச் 6 அன்று கருவின் வயது உண்மையிலேயே 6 வாரம் 5 நாள்தான் என்றால், 26 நாள் முந்தைய பிப்ரவரி 8 அன்று அதன் வயது வெறும் 3 வாரமாக இருந்திருக்கும். அப்போது கரு கர்ப்பப்பையில் ஒட்டத் தொடங்கியே இருக்காது, அல்லது ஒட்டி ஒரு நாள்தான் ஆகியிருக்கும். சிறுநீரில் கோடு காட்டும் அளவுக்கு ஹார்மோன் வந்திருக்க வழியில்லை. கோடு வந்தது என்றால் உங்கள் தேதி சரி. தேதி சரி என்றால் கரு பிப்ரவரியிலேயே நின்றதும் சரி.

மசக்கைக்கு வருகிறேன். இதைப் பலர் கேட்கிறார்கள். “காலையில்கூட வாந்தி எடுத்தேன் டாக்டர், எப்படி உயிர் இல்லாமல் இருக்கும்?” என்பார்கள். மசக்கையைக் குழந்தை உண்டாக்குவதில்லை. நஞ்சுக்கொடியாக மாறப்போகும் திசுதான் ஹெச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அதையொட்டித்தான் குமட்டல் வருகிறது. கரு நின்ற பிறகும் அந்தத் திசு சில நாள், சில சமயம் சில வாரம்கூட உயிரோடு இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மார்பில் வலியும் கனமும் அப்படியே இருக்கும், வீட்டில் டெஸ்ட் பண்ணினால் கோடும் வரும். பிறகு மெல்ல மெல்ல ஹார்மோன் இறங்கும். கர்ப்பப்பையின் உள்பூச்சைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் போகும். அது உரியத் தொடங்கும்போதுதான் பழுப்பாகவோ சிவப்பாகவோ முதல் கசிவு. ஆக, ரத்தம் பட்ட நாளில் கரு கலைவதில்லை. பெரும்பாலும் அது எப்போதோ நின்று, அந்தச் செய்தி நமக்குத் தாமதமாக வந்து சேருகிறது. சிலருக்கு அந்தக் கசிவும் வராது, 11 வாரத்தில் வழக்கமான ஸ்கேனுக்கு வந்து படுத்த பிறகுதான் தெரியவரும்.

வீட்டில் பழி கண்டுபிடிக்கப்படுவதும் இந்தத் தாமதத்தால்தான். ரத்தம் படுவதற்கு முந்தைய இரண்டு நாளில் எந்தப் பெண்ணும் ஏதாவது செய்திருப்பாள். குடம் தூக்கியிருப்பாள், பஸ்ஸில் போயிருப்பாள், மாடிப்படி ஏறியிருப்பாள், வீட்டுக்காரரோடு சேர்ந்திருப்பாள். நீங்கள் பழனிக்குப் போகாமல் இருந்திருந்தால் அன்று துவைத்த போர்வை குற்றவாளி ஆகியிருக்கும்.

சரி, பிப்ரவரியில் ஏன் நின்றது?

இதற்குக் கரு உருவான நாளுக்கும் முன்னால் போக வேண்டும். நம் ஒவ்வொரு உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. முட்டையில் ஜோடிக்கு ஒன்றாக 23 மட்டும் இருக்க வேண்டும், விந்தணுவிலும் 23. இரண்டும் சேர்ந்து மறுபடி 46. இந்தப் பாதியாகப் பிரிக்கிற வேலை ஆணுக்குத் தினமும் புதிதாக நடக்கிறது. பெண்ணுக்கு அப்படி இல்லை. நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உங்கள் முட்டைகள் அத்தனையும் உருவாகி, பிரிவதைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டுவிட்டன. ஜனவரி மாதம் வெளிவந்த அந்த ஒரு முட்டை 29 வருஷத்துக்கு மேலாக அப்படியே காத்திருந்தது. வெளிவருவதற்குச் சற்று முன்புதான் நிறுத்திய இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. விந்தணு நுழைந்த பிறகு மீதியை முடித்தது.

இத்தனை காலமும் குரோமோசோம்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருப்பவை சில புரதங்கள். கொல்லையில் கட்டிய கொடிக்கயிறு வருஷக்கணக்கில் கிடந்து நைந்துபோவதுபோல, இவையும் வயதோடு தளர்ந்துபோகின்றன. அப்புறம் பிரியும் நேரத்தில் ஒரு குரோமோசோம் சேர வேண்டிய பக்கம் போகாமல் மறுபக்கம் போய்விடும். முட்டையில் 24 வந்துவிடும், அல்லது 22 ஆகிவிடும். இளம் வயதிலும் இது நடக்கிறது. வயது ஏற ஏற அடிக்கடி நடக்கிறது.

இப்படிப்பட்ட முட்டையும் கருவுறும். கர்ப்பப்பையில் போய் ஒட்டும். ஹார்மோன் சுரக்கும், கோடு காட்டும், மசக்கை தரும். ஆறேழு வாரத்தில் உறுப்புகள் உருவாகத் தொடங்கும்போதுதான் அந்தக் கணக்குப் பிழையைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். 12 வாரத்துக்குள் கலையும் கருக்களைச் சோதித்துப் பார்த்ததில், பாதி அல்லது பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்படிக் குரோமோசோம் எண்ணிக்கையே தவறாக இருந்திருக்கிறது.

16-ஆம் குரோமோசோமை எடுத்துக்கொள்ளுங்கள். கலைந்த கருக்களில், மூன்றாவது பிரதி கூடுதலாக வந்துசேரும் குரோமோசோம்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆனால் எல்லா அணுக்களிலும் 16 மூன்றாக இருக்கிற ஒரு குழந்தைகூடப் பிறந்து வாழ்வதில்லை. அத்தனையும் ஆரம்பத்திலேயே நின்றுவிடுகின்றன. 21-ஆவது மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். அந்தக் குழந்தைகள் பிறக்கிறார்கள், ஆனால் அவற்றிலும் நிறையக் கருக்கள் வழியிலேயே போய்விடுகின்றன. இன்னொரு வகையில், ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணு புகுந்து மொத்தம் 69 ஆகிவிடும். ஒன்றுக்கும் நாம் தின்றதோடும் நடந்ததோடும் சம்பந்தமில்லை. கருவுற்ற அன்றே முடிவாகிப் போனவை. அதன் பிறகு நீங்கள் கட்டிலை விட்டே இறங்காமல் கிடந்திருந்தாலும் பிப்ரவரி 21 பிப்ரவரி 21-தான்.

உங்கள் கருவுக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தத் திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பியதாக நீங்கள் எழுதவில்லை. முதல் தடவைக்கு அனுப்புவதும் வழக்கமில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, மருந்து எடுக்காத தைராய்டு கோளாறு, கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர், ரத்தம் உறையவைக்கும் சில எதிர்ப்புப் புரதங்கள், சிகரெட், மது ஆகியவையும் கருவைக் கலைக்கும். ஆனால் 29 வயது, முதல் கர்ப்பம், ஏழு வாரத்துக்குள் நின்ற கரு என்று பார்த்தால் குரோமோசோம் பிழைக்கே வாய்ப்பு அதிகம்.

இது எவ்வளவு சகஜம் என்பது பெண்களுக்கே தெரியாமல் இருப்பதற்குக் காரணம், யாரும் வெளியே சொல்வதில்லை என்பது மட்டும் இல்லை, பாதிக்கு மேல் அவர்களுக்கே தெரியாமல் நடந்துவிடுகிறது என்பதும்தான். 1988-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். கர்ப்பம் தரிக்க விரும்பிய 221 பெண்களிடம் தினமும் காலைச் சிறுநீரைச் சேகரிக்கச் சொல்லி, மிக நுண்ணிய அளவு ஹெச்சிஜியைக்கூடக் கண்டுபிடிக்கும் முறையில் சோதித்தார்கள். மொத்தம் 198 கர்ப்பங்கள் தெரியவந்தன. அவற்றில் 22 விழுக்காடு, கர்ப்பம் என்று அடையாளம் காணும் முன்பே கலைந்துவிட்டன. அந்தப் பெண்களுக்கு அது வெறும் பீரியட்ஸ், கொஞ்சம் தள்ளி வந்திருக்கும், அவ்வளவுதான். தெரிந்த பிறகு கலைந்தவற்றையும் சேர்த்தால் 31 விழுக்காடு. டெஸ்ட்டில் உறுதியான கர்ப்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது கலைகின்றன, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள். நார்வே நாட்டில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவேட்டை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதில்தான் இந்த ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்தக் குறைவே சுமார் 10 விழுக்காடு. 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கு மேல்.

உங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஒருவருக்காவது இது நடந்திருக்கும். அத்தையின் தலைமுறையில் வீட்டில் சோதிக்கும் கிட் கிடையாது, ஏழு வார ஸ்கேன் கிடையாது. “நாள் தள்ளிப் போய் வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு நடக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பப்பாளி பற்றி. பழுத்த பப்பாளி கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பப்பாளிக் காயின் பால் எலிகளின் கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்ததைச் சோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள், பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காயைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, அத்தைக்கும் நிம்மதி. ஆனால் பிழையான கணக்கோடு உருவான கருவைப் பப்பாளி வந்து நிறுத்தவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்த இருவரிடம் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து, இருவரிடமிருந்தும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் சில பரம்பரை நோய்கள் வரலாம். அந்த ஆபத்து சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் குரோமோசோம் கூடக்குறைய வருவது பரம்பரையாக வருவதில்லை, ஒரு முட்டை பிரியும்போது நடக்கும் தற்செயல். உங்கள் வீட்டுக்காரர் அத்தை மகனாக இருந்தாலும் வேற்றூர்க்காரராக இருந்தாலும் அந்த முட்டை அப்படித்தான் பிரிந்திருக்கும்.

“கர்ப்பப்பை பலவீனம்” என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பப்பையின் வாய் தளர்ந்து திறந்துகொள்ளும் பிரச்சினை ஒன்று உண்டு. அதில் நாலாவது, ஐந்தாவது மாதத்தில் நல்ல துடிப்போடு இருக்கும் குழந்தை வெளியே வந்துவிடும். தையல் போடுவது அதற்குத்தான். ஏழு வாரத்தில் உள்ளேயே நின்றுபோன கருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டார்ச் டெஸ்ட் என்றாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில கிருமிகள் உடம்பில் வந்த தடயத்தை ரத்தத்தில் தேடும் இது, ஒரு தடவை கரு கலைந்தவுடன் நம் ஊரில் அனிச்சையாக எழுதப்படும் சோதனை. ஆயிரக்கணக்கில் பணம், பதிலாகக் கிடைப்பது பயம். உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து, பாசிட்டிவ் என்று இருக்கும் வரியில் ஐஜிஜி என்று இருக்கிறதா, ஐஜிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஐஜிஜி-யாகத்தான் இருக்கும். அதன் பொருள், அந்தக் கிருமி எப்போதோ, அநேகமாகச் சின்ன வயதில், வந்து போயிருக்கிறது, உடம்பு அதை நினைவில் வைத்திருக்கிறது. சிஎம்வி என்ற வைரஸுக்கான ஐஜிஜி நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு பாசிட்டிவ்தான். என்னிடம் வரும் எந்தக் கர்ப்பிணிக்கு எடுத்தாலும் அநேகமாக அப்படித்தான் வரும். ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அது நல்ல செய்தி, ருபெல்லா என்கிற ஜெர்மன் அம்மையை எதிர்க்கும் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். இவற்றுக்கு மாத்திரை சாப்பிடத் தேவையில்லை. யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், “எதற்காக டாக்டர்?” என்று கேளுங்கள். ஐஜிஎம் என்பது சமீபத்திய தொற்றின் அடையாளம். அது பாசிட்டிவ் என்றிருந்தால் உங்கள் டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள். அதுவும் பல சமயம் பொய்யாக வருவதுண்டு. அந்த ஒரு தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்தச் சோதனையில் உங்களுக்கு உபயோகமான ஒரே வரி ருபெல்லா ஐஜிஜி-தான். அது நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து முயற்சி செய்யுங்கள்.

அடுத்தது. ஒரு தடவை ஆரம்பத்தில் கலைந்த பெண்ணுக்கு, அதுவும் முப்பதுக்குள் இருப்பவருக்கு, அடுத்த கர்ப்பம் நல்லபடியாகப் போகும் வாய்ப்பு ஐந்தில் நாலு அல்லது அதற்கும் சற்று மேல். ஒன்றுமே கலையாதவர்களைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அடுத்ததும் கலைந்தால் அப்போது வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். இரண்டு தடவையிலேயே பரிசோதிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது, இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வரை பொறுக்கிறார்கள். நான் இரண்டிலேயே பார்த்துவிடுவேன். அப்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்புப் புரதங்கள் (ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும்), தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் உள்வடிவத்தைக் காட்டும் ஸ்கேன், முடிந்தால் கலைந்த திசுவின் குரோமோசோம். ஆன்டிபாஸ்போலிபிட் உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பலன் தரும். அது இல்லாதவர்களுக்கு “எதற்கும் இருக்கட்டும்” என்று தினமும் வயிற்றில் ஊசி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கருவைத் தங்க வைக்கும் ஊசி என்று சொல்லி வாராவாரம் இடுப்பில் போடுவார்களே, அதைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். புரோஜெஸ்டிரோன்தான் அது. 2019-இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கர்ப்பத்தில் ரத்தக் கசிவோடு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பெரிய சோதனை நடந்தது. பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் காட்டவில்லை. ஏற்கனவே கரு கலைந்து, இப்போது கசிவும் இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதனால் உங்கள் அடுத்த கர்ப்பத்தில் கசிவு ஏற்பட்டு, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால் அந்த மாத்திரையை டாக்டர் தரலாம், வாங்கிக்கொள்ளுங்கள். கசிவே இல்லாதபோது கோடு வந்த நாளிலிருந்து ஊசி போட வேண்டியதில்லை. படுத்தே இருப்பதும் கருவைக் காப்பாற்றுவதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. மாதக்கணக்கில் படுத்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? ஆறு மாதம் என்று முன்பு சொல்லிவந்தோம். பின்னால் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் வந்த ஆய்வுகளில், ஆறு மாதத்துக்குள் கர்ப்பமானவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. ஸ்காட்லாந்து ஆய்வில் பலன் சற்று நன்றாகவே இருந்தது. ஒரு பீரியட்ஸ் வந்து போகட்டும், தேதிக் கணக்குக்கு வசதியாக இருக்கும். அப்புறம் உங்களுக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது. சுத்தம் செய்த இரண்டு வாரத்திலேயே அடுத்த முட்டை வந்துவிடலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். அது கரு கலைவதைத் தடுப்பதற்காக அல்ல, குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைகளைத் தடுப்பதற்காக.

அடுத்த தடவை கோடு வந்ததும் ஐந்தாவது வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அப்போது வெறும் பைதான் தெரியும், “ஹார்ட் பீட் இன்னும் வரலை” என்று சொல்லி அனுப்புவார்கள், நீங்கள் பத்து நாள் தூங்க மாட்டீர்கள். ஏழு வாரம் முடிந்து போங்கள். அப்போது துடிப்பு நன்றாகத் தெரிந்து, கசிவும் இல்லை என்றால் அதன் பிறகு கலையும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். கடுமையான ஒருபக்க வயிற்றுவலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று வந்தால் மட்டும் வாரக்கணக்கு பார்க்காமல் உடனே போக வேண்டும். கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

இப்போதைக்கு உங்கள் ஃபைலில் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், சுத்தம் செய்த சமயத்தில் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். மூன்று நாளுக்குள் போட வேண்டியது, விட்டுப்போயிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, எடுத்த திசுவை பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள். அபூர்வமாக, நஞ்சுக்கொடித் திசு தாறுமாறாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்ற வகை இருந்தால் அதில்தான் தெரியும். அப்படி இருந்தால் மட்டும் ஹார்மோன் முழுதாக இறங்கும் வரை அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். சுத்தம் செய்து நாலு வாரம் ஆன பிறகும் வீட்டு டெஸ்ட்டில் கோடு வந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சலும் நாற்றமுள்ள கசிவும் இருந்தாலோ, உள்ளே துணுக்கு தங்கியிருக்கலாம். அதற்கு நேரில் போய்க் காட்டுங்கள், கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.